லிங்கனும் மேரி ஓவன்ஸும்: நான்கு கடிதங்கள், ஒரு ஓடை

ஆபிரகாம் லிங்கனின் காதல் என்று தேடினால் முதலில் வந்து நிற்பது ஆன் ரட்லெஜ். டைபாய்டு மாதிரி ஏதோ காய்ச்சலில் இளம் வயதில் இறந்துபோன பெண், உடைந்துபோன லிங்கன், மழையில் நனையும் கல்லறை. உண்மை எவ்வளவு, பிறகு சேர்ந்தது எவ்வளவு என்று நூறு வருஷத்துக்கு மேலாகச் சண்டை நடக்கிறது. நான் அந்தப் பக்கம் போகவில்லை. அதற்கு அடுத்து வரும் மேரி ஓவன்ஸ் என்ற பெண்ணின் கதைதான் எனக்கு முக்கியமாகப் படுகிறது. வாழ்க்கை வரலாறுகளில் இவருக்குக் கிடைப்பது சில பக்கங்கள்தான், அதுவும் சிரிப்புக்காக. ஆனால் இதில் ஓர் அபூர்வம் இருக்கிறது. ஒரு ஆண் தன் விருப்பத்தை எப்படிக் காட்டினான் என்பதற்கு அவன் கைப்பட எழுதிய கடிதங்கள் இருக்கின்றன. அதை அந்தப் பெண் எப்படிப் புரிந்துகொண்டாள் என்பதற்கு அவள் கைப்பட எழுதிய கடிதங்களும் இருக்கின்றன. 19-ஆம் நூற்றாண்டுக் காதல்களில் இரண்டு பக்கமும் இப்படிக் கிடைப்பது சுலபமில்லை.

இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் படித்தால், தான் காட்டியது என்ன, அவர் பார்த்தது என்ன என்பதில் லிங்கன் போட்ட கணக்கு கிட்டத்தட்ட எல்லா இடத்திலும் தப்பிப்போனது தெரிகிறது. அதைவிட ஆச்சரியம், ஒரு கட்டத்தில் அவருக்கே அது தெரிந்துவிட்டது என்பது.

கதை ஒரு வேடிக்கைப் பேச்சில் தொடங்குகிறது. இல்லினாய் மாநிலத்தில் சங்கமோன் ஆற்றங்கரை மேட்டில் நியூ சேலம் என்று ஒரு சின்னக் கிராமம். லிங்கன் 1831-இலிருந்து அங்கே இருந்தார். கடை வைத்து நொடித்துப்போனது, தபால் வேலை பார்த்தது, நிலம் அளந்தது எல்லாம் அங்கேதான். ஊருக்குப் பக்கத்தில் பென்னட் ஏபெல் என்பவரின் குடும்பம் இருந்தது. அவர் மனைவி எலிசபெத்துக்கு லிங்கன் மேல் தனிப் பிரியம். அந்த எலிசபெத்தின் தங்கைதான் மேரி. கென்டக்கியில் வசதியான வீட்டுப் பெண், அந்தக் கால எல்லைப்புறக் கிராமத்துக்கு ரொம்ப அதிகம் என்று சொல்லும்படி படித்தவர். 1833-இல் அக்கா வீட்டுக்கு வந்து நான்கு வாரம் தங்கிவிட்டுப் போனார். லிங்கன் பார்த்தார், பிடித்திருந்தது, அத்தோடு சரி.

1836-இல் அக்கா ஊருக்குக் கிளம்பும்போது லிங்கனிடம், என் தங்கையைக் கூட்டிக்கொண்டு வருகிறேன், நீ கட்டிக்கொள்வாயா என்று கேட்டார். நம்ம ஊர் முற்றத்துப் பேச்சு மாதிரியே இருக்கிறது, இல்லையா? லிங்கன் சரி என்றார். வேறு என்ன சொல்லியிருக்க முடியும் என்று பிறகு அவரே கேட்டுக்கொள்கிறார். அந்த வருஷம் நவம்பரில், ஜனாதிபதித் தேர்தல் சமயத்தில், மேரி நிஜமாகவே வந்து இறங்கிவிட்டார். லிங்கனுக்கு வயது 27. மேரிக்கு 28.

இங்கேதான் முதல் கணக்கு. மேரி வந்ததை வைத்து லிங்கன் ஒரு முடிவுக்கு வருகிறார்: கூப்பிட்டவுடன் இவ்வளவு தூரம் கிளம்பி வந்துவிட்டாளே, கொஞ்சம் அதிகமாகவே ஆசை இருக்கும்போல. பிறகு அவரே யோசிக்கிறார்: ஒருவேளை அக்கா என் பேச்சையே எடுக்காமல் சும்மா வா என்று கூட்டி வந்திருக்கலாமே? நியாயமான சந்தேகம். அக்கா வீட்டுக்குத் தங்கை வருவதற்கு ஆயிரம் காரணம் உண்டு. ஆனால் இந்தச் சந்தேகத்தைத் தீர்த்துக்கொள்ள அவர் யாரிடமும் ஒரு வார்த்தை கேட்டதாகத் தெரியவில்லை. முதல் முடிவையே பிடித்துக்கொண்டார். அவளுக்கு ஆசை இருக்கிறது, நான் வாக்குக் கொடுத்திருக்கிறேன், ஆகவே பந்து என் பக்கம் இருக்கிறது. அடுத்த ஒரு வருஷம் முழுக்க அவர் செய்ததெல்லாம் இந்த நினைப்பின் மேல் கட்டியதுதான்.

மேரி வந்த கொஞ்ச நாளிலேயே லிங்கன் சட்டமன்றக் கூட்டத்துக்காக அன்றைய தலைநகர் வண்டேலியாவுக்குப் போய்விட்டார். அங்கிருந்து 1836 டிசம்பர் 13-ஆம் தேதி எழுதிய கடிதம் நமக்கு இருக்கிறது. உடம்பு சரியில்லை, மனசும் சரியில்லை. தபால் நிலையத்துக்குப் போய்ப் போய் உன் கடிதம் வந்திருக்கிறதா என்று பார்த்து அவமானப்பட்டேன் என்கிறார். அந்தக் கோபம் இன்னும் ஆறவில்லை என்பதையும் மறைக்கவில்லை. நடுவில் அரசியல் சமாசாரம்: தலைநகரை மாற்றும் பேச்சு, யார் எந்தக் கட்சி, கட்டி முடியாத கட்டடம். கடைசியில் இன்னும் பத்து வாரம் இங்கே இருக்க வேண்டும் என்பதை நினைத்தாலே தாங்கவில்லை, உடனே பதில் எழுது, முடிந்தால் சந்தோஷப்படும்படி ஏதாவது எழுது என்கிறார். இந்தக் கடிதம் சப்பென்று இருக்கிறது, அனுப்பவே வெட்கமாக இருக்கிறது என்ற புலம்பலோடு முடிகிறது.

காதல் என்ற சொல்லே கடிதத்தில் இல்லை. ஆனால் யாரிடம் காட்டினாலும், இந்தப் பையன் அந்தப் பெண்ணின் கடிதத்துக்காக ஏங்குகிறான் என்றுதான் சொல்வார்கள். தபாலுக்குக் காத்திருந்தவன் யார் என்பதை ஞாபகத்தில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் தேவைப்படும்.

1837 ஏப்ரலில் லிங்கன் வக்கீல் தொழில் செய்ய ஸ்பிரிங்ஃபீல்டுக்குக் குடிபெயர்ந்தார். மே 7-ஆம் தேதி அடுத்த கடிதம். இதற்கு முன் இரண்டு கடிதம் எழுதத் தொடங்கி, பாதியிலேயே பிடிக்காமல் கிழித்துவிட்டேன் என்று ஆரம்பிக்கிறார். முதலாவதில் போதுமான அளவு தீவிரம் இல்லையாம். இரண்டாவது அதற்கு நேர் எதிராகப் போய்விட்டதாம்.

என்னைப் பொறுத்தவரை இந்த விவகாரத்தின் முக்கியமான வரி இதுதான். தான் அனுப்பும் செய்தி ஒரே சுருதியில் இல்லை என்பது லிங்கனுக்கு அப்போதே தெரிந்திருக்கிறது. விளையாட்டாகவும் இருக்கக்கூடாது, ரொம்பவும் இறுகிவிடக்கூடாது, நடுவில் ஓர் இடம் பிடிக்க வேண்டும். அதைத் தேடி இரண்டு தாளைக் கிழித்திருக்கிறார். மூன்றாவதில் அந்த நடு இடம் கிடைத்ததா?

ஸ்பிரிங்ஃபீல்டு வாழ்க்கை சப்பென்று இருக்கிறது என்கிறார். வந்ததிலிருந்து ஒரே ஒரு பெண்தான் என்னிடம் பேசினாள், அவளும் தவிர்க்க முடிந்திருந்தால் தவிர்த்திருப்பாள். சர்ச்சுக்கு இன்னும் போகவில்லை, அங்கே எப்படி நடந்துகொள்வது என்றே எனக்குத் தெரியாது. இதுவரைக்கும் நம்மைச் சிரிக்க வைக்கும் லிங்கன். பிறகு விஷயத்துக்கு வருகிறார். இந்த ஊரில் வண்டி கட்டிக்கொண்டு பவிசு காட்டுபவர்கள் நிறைய, நீ இங்கே வந்தால் அதைப் பார்த்துக்கொண்டிருக்கலாமே தவிர ஏறிப்போக முடியாது. ஏழையாக இருக்க வேண்டும், அந்த ஏழ்மையை மறைக்கக்கூட வழி இருக்காது. நீ முன்பு என்னிடம் சொன்னது விளையாட்டாக இருக்கலாம், அல்லது நான் தப்பாகப் புரிந்துகொண்டிருக்கலாம். அப்படியானால் மறந்துவிடுவோம். இல்லையென்றால், முடிவெடுக்கும் முன் நன்றாக யோசி. நான் சொன்ன சொல்லில் நிற்பேன், நீ விரும்பினால். என் அபிப்பிராயம் கேட்டால், வேண்டாம் என்பதே நல்லது.

ஒரே பத்தியில் வா என்கிறார், வராதே என்கிறார், நீயே சொல் என்கிறார். எழுதியவர் இதை நேர்மை என்று நினைத்திருப்பார், அதில் எனக்குச் சந்தேகமில்லை. பெண்ணுக்கு எல்லாச் சிரமத்தையும் முன்கூட்டியே சொல்லிவிட்டேன், முடிவை அவள் கையிலேயே கொடுத்துவிட்டேன், இதைவிட மரியாதையாக எப்படி நடப்பது? ஆனால் வாங்கிப் படிப்பவருக்கு இதில் ஒரு தகவல் மட்டும் இல்லவே இல்லை. இவனுக்கு நான் வேண்டுமா?

மூன்றாவது கடிதம் ஆகஸ்ட் 16. அன்றைக்குத்தான் இருவரும் சந்தித்துப் பிரிந்திருக்கிறார்கள். நேரில் பார்த்தபோது மனம்விட்டு ஒன்றும் பேசவில்லை. வீடு திரும்பி அதே நாளில் கடிதம் எழுத உட்கார்கிறார். பிரிந்த அன்றைக்கே எழுதுவது உனக்கு விசித்திரமாக இருக்கும் என்று அவரே சொல்கிறார். உன்னைப் பார்க்கும்போதோ நினைக்கும்போதோ நான் முற்றிலும் அலட்சியமாக இருக்க முடியாது என்பது உனக்கே தெரியும். ஆனாலும் என் உண்மையான உணர்வு என்ன என்பதில் நீ தவறாக எண்ணிக்கொண்டிருக்கக்கூடும். அப்படி இல்லை என்று எனக்குத் தெரிந்தால் இந்தக் கடிதத்தால் உனக்குத் தொந்தரவு கொடுத்திருக்க மாட்டேன்.

பாருங்கள், தான் கொடுக்கும் சைகைகள் குழப்பமாக இருக்கின்றன என்பதை இதைவிடத் தெளிவாக ஒருவர் ஒப்புக்கொள்ள முடியாது. சரி, இப்போதாவது தெளிவாக்குவார் என்று எதிர்பார்த்தால் நமக்கு ஏமாற்றம்தான். பெண்கள் விஷயத்தில் எப்போதும் சரியாக நடக்கவே விரும்புகிறேன். உன்னைச் சும்மா விடுவதுதான் சரி என்றால் விட்டுவிடுகிறேன். இந்தப் பேச்சை நீ இங்கேயே நிறுத்தலாம், பதிலே போட வேண்டாம், நான் ஒரு வார்த்தை குறை சொல்ல மாட்டேன். ஆனால் இதை வைத்து நான் உறவை முறிக்கப் பார்க்கிறேன் என்று நினைத்துவிடாதே. நீ கட்டுப்பட்டிருப்பதாக நினைத்தால் விடுவிக்கத் தயார். உனக்கு அதனால் சந்தோஷம் கூடும் என்று நம்பும்படி செய்தால், இன்னும் இறுக்கமாகக் கட்டிப்போடவும் தயார், ஆவலாகவும் இருக்கிறேன். கீழே கையெழுத்து: உன் நண்பன் லிங்கன்.

வக்கீல் தொழில் தொடங்கி சில மாதம்தான் ஆகியிருந்தது, அது கடிதத்தில் தெரிகிறது என்று கிண்டலாகச் சொல்லத் தோன்றுகிறது. ஒப்பந்தத்தில் எல்லாப் பக்கத்துக்கும் கதவு வைத்திருக்கிறார். குழப்பம் இருக்கிறது என்று கண்டுபிடித்துவிட்டார். அதைத் தீர்க்கும் வேலையை மட்டும் எதிரில் இருப்பவரிடம் தள்ளிவிட்டார். என் மனசு உனக்குப் புரியாமல் இருக்கலாம் என்று சொன்ன அதே மூச்சில், உன் மனசு என்ன என்று நீ சொல், அதற்குத் தகுந்த மாதிரி என்னுடையதை வைத்துக்கொள்கிறேன் என்கிறார். மேரி இதற்கு என்ன பதில் எழுதினார், எழுதினாரா என்பதற்குக் கடிதம் இல்லை. அவர் லிங்கனுக்கு எழுதியது எதுவும் நம் கைக்கு வந்து சேரவில்லை.

அந்த வருஷம் இலையுதிர் காலத்தில், இனியும் தள்ளிப்போட்டால் மானமில்லை என்ற கட்டத்தில், லிங்கன் நேரில் போய்க் கேட்டுவிட்டார். மேரி மாட்டேன் என்றார்.

இந்த இடத்துக்கு நமக்கு வழிகாட்டி நான்காவது கடிதம். இது மேரிக்கு எழுதியது இல்லை. 1838 ஏப்ரல் 1-ஆம் தேதி, முட்டாள்கள் தினத்தன்று, சக அரசியல்வாதியான ஆர்வில் பிரவுனிங்கின் மனைவி எலைசாவுக்கு எழுதியது. மேரியின் பெயரைச் சொல்லாமல் முழுக் கதையையும் நகைச்சுவையாகச் சொல்கிறார். பெண்ணின் உருவத்தைப் பற்றி மோசமான கேலி இருக்கிறது. ஷேக்ஸ்பியரின் குண்டுக் கதாபாத்திரம் ஃபால்ஸ்டாஃபோடு ஒப்பிடுகிறார், பல்லைக் கிண்டல் செய்கிறார். ஊர்க்காரர்கள் பிற்காலத்தில் சொன்ன மேரியோ பார்க்க லட்சணமான, வாய்த்துடுக்கான, நன்றாக உடுத்தும் பெண். கேலியை ஒதுக்கிவிட்டுப் படித்தால், அடியில் ஒரு மனிதன் தன்னையே துருவிப் பார்ப்பது தெரிகிறது.

முதல் தடவை மறுத்தபோது லிங்கன் அதை நம்பவில்லை. வெட்கத்தால் மறுக்கிறாள் என்று எடுத்துக்கொண்டார். மறுபடி கேட்டார், இன்னும் அழுத்தமாக மறுப்பு வந்தது. திரும்பத் திரும்பக் கேட்டுப் பார்த்தார், பலன் அதேதான். அப்புறம்தான் உறைத்தது. இவ்வளவு நாளும் அவள் எண்ணத்தைக் கண்டுபிடிக்கத் தெரியாத முட்டாளாக இருந்திருக்கிறேன், அதேசமயம் அவள் எண்ணம் எனக்குத் துல்லியமாகத் தெரியும் என்பதில் ஒரு நாளும் சந்தேகப்பட்டதே இல்லை என்று எழுதுகிறார். வேறு யாரும் கட்டமாட்டார்கள் என்று நானே எனக்குச் சொல்லிக்கொண்ட பெண், என்னையே வேண்டாம் என்றுவிட்டாளே. எல்லாவற்றுக்கும் மேலாக, மறுத்த பிறகுதான் எனக்கு அவள் மேல் கொஞ்சம் காதல் இருந்திருக்கிறதோ என்று முதல் தடவையாகச் சந்தேகம் வருகிறது.

இந்தக் கடிதத்தை அப்படியே நம்பலாமா? இங்கே கொஞ்சம் நிதானம் வேண்டும். மேரியைப் பார்த்த நாளிலிருந்தே கல்யாணத்தை எப்படித் தள்ளிப்போடுவது என்றுதான் யோசித்தேன், தூக்குக் கயிறுக்குப் பயப்படுகிறவனைப் போல இருந்தேன் என்பது அவர் சொல்லும் கதை. வண்டேலியாவில் இருந்தபோதும் அதே நினைப்புத்தானாம். ஆனால் வண்டேலியாவில் தபால் நிலையத்துக்கு நடையாய் நடந்தவன் யார்? தள்ளிப்போட நினைப்பவன், சந்தோஷப்படும்படி எழுது என்று கெஞ்சுவானா? 1836 டிசம்பர் கடிதம் அந்தச் சமயத்தில் எழுதியது. 1838 ஏப்ரல் கடிதம் அடிபட்ட பிறகு, இன்னொரு பெண்ணைச் சிரிக்க வைக்க எழுதியது. இரண்டும் மோதினால் நான் முன்னதைத்தான் நம்புவேன். ஆரம்பத்தில் ஏக்கம் இருந்திருக்கிறது, நடுவில் பயம் வந்திருக்கிறது, மறுத்தவுடன் எனக்கு முதலிலிருந்தே இஷ்டமில்லை என்ற கதை உருவாகியிருக்கிறது. பிரவுனிங் தம்பதி இதை வேடிக்கைக்காகக் கட்டிய கற்பனை என்றே வெகுகாலம் நினைத்திருந்தார்கள். லிங்கன் ஜனாதிபதியான பிறகுதான், அதில் நீங்கள் நினைப்பதைவிட உண்மை அதிகம் என்று அவரே சொன்னாராம். ஆக, குழப்பமான சைகைகளைப் பற்றி எழுதிய கடிதமே இன்னொரு குழப்பமான சைகையாகப் போயிருக்கிறது.

சரி, மேரி என்ன பார்த்தார்?

லிங்கன் 1865-இல் கொல்லப்பட்டதும் அவருடைய வக்கீல் கூட்டாளி வில்லியம் ஹெர்ன்டன் பழைய ஆட்களையெல்லாம் தேடிப்பிடித்து நினைவுகளைச் சேகரிக்கத் தொடங்கினார். மேரி அப்போது மிசௌரி மாநிலத்தில், ஜெஸ்ஸி வைன்யார்டு என்பவரைத் திருமணம் செய்து, பிள்ளைகளைப் பெற்று வாழ்ந்துகொண்டிருந்தார். முதலில் தயங்கினார், பிறகு பத்திரப்படுத்தி வைத்திருந்த அந்த மூன்று கடிதங்களையும் 1866-இல் அனுப்பிவைத்தார். கூடவே ஹெர்ன்டனின் கேள்விகளுக்குத் தன் பதில்களையும் எழுதினார். கிட்டத்தட்ட முப்பது வருஷமாக அந்தக் கடிதங்களை அவர் வைத்திருந்தார் என்பதும் ஒரு தகவல்தான்.

அவர் சொல்லும் ஒரு சம்பவம். ஒரு கூட்டமாகக் குதிரையில் போகிறார்கள். வழியில் கடக்கச் சிரமமான ஓர் ஓடை. மற்ற ஆண்களெல்லாம் தங்களோடு வந்த பெண்கள் பத்திரமாகக் கடக்கிறார்களா என்று விழுந்து விழுந்து கவனிக்கிறார்கள். மேரியோடு வந்தவர் லிங்கன். அவர் தன் குதிரையை ஓடையில் விட்டுப் போய்க்கொண்டே இருந்தார், பின்னால் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. மேரி தானே கடந்து பக்கத்தில் வந்து, நல்ல ஆள்தான் நீங்கள், என் கழுத்து ஒடிந்தாலும் உங்களுக்குக் கவலையில்லை போலிருக்கிறதே என்று கேட்டார். லிங்கன் சிரித்துக்கொண்டே, உன்னைப் பார்த்துக்கொள்ளும் சாமர்த்தியம் உனக்கு இருக்கிறது என்று தெரியும் என்றார். இதைச் சொல்லும்போது மேரி ஓர் அடைப்புக்குறிப்பு சேர்க்கிறார்: பாராட்டாகச் சொன்னார் என்று நினைக்கிறேன்.

அந்த அடைப்புக்குறிப்பைத்தான் நான் பிடித்துக்கொள்கிறேன். லிங்கன் என்ன நினைத்து அப்படிச் சொன்னார் என்பது மேரிக்குப் புரிந்திருக்கிறது. அவரைக் கல்நெஞ்சர் என்று நினைக்கவில்லை. அதற்கும் ஒரு கதை சொல்கிறார். லிங்கன் ஒருநாள் நல்ல உடுப்புப் போட்டுக்கொண்டு புல்வெளி வழியே போகிறார், சேற்றில் ஒரு பன்றி சிக்கிக் கிடக்கிறது. உடுப்பு கெட்டுவிடும் என்று பார்க்காமல் கடந்துபோனார், ஆனால் மனசு கேட்கவில்லை. திரும்பிப் பார்த்தால், என் கடைசி நம்பிக்கையும் போச்சே என்று அது சொல்வதுபோல் இருந்ததாம். இறங்கிப் போய் இழுத்துவிட்டார். பன்றிக்காகத் திரும்பிப் பார்த்தவர், ஓடையில் தனக்காகத் திரும்பிப் பார்க்கவில்லை என்று மேரி எங்கேயும் சொல்லவில்லை. பக்கத்தில் பக்கத்தில் வைத்துவிட்டுப் போகிறார், அவ்வளவுதான்.

அவருடைய தீர்ப்பு இன்றைக்கும் அடிக்கடி மேற்கோள் காட்டப்படுகிறது. ஒரு பெண்ணின் சந்தோஷம் சின்னச் சின்னக் கண்ணிகள் கோத்த ஒரு சங்கிலி, அந்தக் கண்ணிகள் லிங்கனிடம் குறைவாக இருந்தன என்பது அதன் சாரம். அது நல்ல மனசு இல்லாததால் அல்ல, வளர்ந்த விதம் வேறு என்றும் சேர்த்துச் சொல்கிறார். அரசியலில் தாங்கள் இருவரும் வடக்கும் தெற்கும் என்கிறார். உள்நாட்டுப் போர் முடிந்து ஒரே வருஷத்தில் தெற்குப் பக்கத்து அனுதாபி ஒருவர் லிங்கனைப் பற்றி இவ்வளவு நியாயமாகப் பேசியது சாதாரணமில்லை. மேரி இதை லிங்கன் முகத்துக்கு நேரே சொன்னார் என்று ஊரில் வதந்தி இருந்தது. அதை அவர் மறுக்கிறார். அக்கா கல்யாணத்துக்கு அவசரப்படுத்தியபோது அக்காவிடம்தான் சொன்னாராம். அதாவது லிங்கனின் நடத்தைக்குத் தெளிவான பதில் எப்போதோ தயாராக இருந்தது. அது போக வேண்டிய விலாசத்துக்கு மட்டும் போகவில்லை.

விருப்பத்தைப் பற்றி? அவர் கடிதங்களைப் பார்த்தாலே தெரியுமே, அவர் மனசும் கையும் என் வசம் இருந்தன, என் பக்கம்தான் அந்த அளவுக்கு ஈடுபாடு வரவில்லை என்று எழுதுகிறார். ஆச்சரியமாக இல்லையா? நாம் இன்று குழப்பத்தின் உச்சம் என்று படிக்கும் அதே ஆகஸ்ட் கடிதத்தை, வாங்கியவர் ஒரு கல்யாண வேண்டுகோளாகவே எடுத்துக்கொண்டிருக்கிறார்.

லிங்கனுக்கு இரண்டு பயம் இருந்தன. ஒன்று, என் தயக்கம் வெளியே தெரிந்துவிடுமோ. இன்னொன்று, என் விருப்பத்தை அவள் உள்ளதைவிடப் பெரிதாக எண்ணிக்கொண்டாளோ. கடிதத்தில் ஒவ்வொரு வாக்கியத்தையும் நிறுத்து நிறுத்துப் போட்டது இந்த இரண்டுக்காகவும்தான். மேரி அந்த நிறுவையைக் கண்டுகொள்ளவே இல்லை. இவனுக்கு என் மேல் எவ்வளவு விருப்பம் என்ற கேள்வியில் அவருக்குப் பெரிய அக்கறை இருந்ததாகத் தெரியவில்லை. இவனோடு இருந்தால் நாள் எப்படிப் போகும் என்று பார்த்தார். அதற்கு விடை கடிதத்தில் இல்லை, ஓடையில் இருந்தது. லிங்கன் இரண்டு தாளைக் கிழித்துத் திருத்திய இடம் வேறு, மேரி படித்துக்கொண்டிருந்த இடம் வேறு.

மனோதத்துவக்காரர்கள் இதன் ஒரு பகுதியைப் பரிசோதித்திருக்கிறார்கள். கனடாவில் ஜாக்கி வோராவரும் சகாக்களும் 2003-இல் வெளியிட்ட ஆய்வு ஒன்று, காதலில் முதல் அடி வைப்பவர்களைப் பற்றியது. நிராகரிக்கப்படுவோமோ என்று பயப்படுபவர்கள், தாங்கள் காட்டிய சின்னச் சைகையே விருப்பத்தைப் பெரிதாகத் தெரிவித்துவிட்டதாக நினைக்கிறார்கள். எதிரில் இருப்பவருக்கு அது அவ்வளவாகப் போய்ச் சேர்வதில்லை. காரணம்தான் சுவாரசியம்: நான் கூச்சப்படுகிறேன், பயப்படுகிறேன் என்பதை அவரும் கணக்கில் சேர்த்துக்கொள்வார், இவ்வளவு பயந்த ஆள் இதைச் சொல்கிறான் என்றால் பெரிய விஷயம்தான் என்று புரிந்துகொள்வார் என நாம் எதிர்பார்க்கிறோம். அவருக்கோ நம் பயம் தெரியாது. சொன்னது மட்டும்தான் தெரியும்.

இதை லிங்கன் மேல் அப்படியே ஒட்டிவிட முடியாது. அவருடைய கவலை பெரும்பாலும் எதிர்த்திசையில் இருந்தது. விருப்பம் கூடுதலாகத் தெரிந்துவிட்டதோ என்பதுதான் அவருக்குப் பயம். ஆனால் ஓடைச் சம்பவம் அப்படியே பொருந்துகிறது. உன் சாமர்த்தியத்தை நம்புகிறேன் என்பது அவர் உள்ளே போட்டிருந்த மதிப்பு. அந்த மதிப்பு திரும்பிப் பார்க்காத முதுகில் தெரிந்துவிடும் என்று நினைத்திருக்கிறார். மேரி கேட்ட பிறகுதான் வாயால் வந்தது, அதற்குள் ஓடையைத் தாண்டியாகிவிட்டது.

மேரி தரப்பையும் முழுசாக நம்பிவிட வேண்டாம் என்று ஒரு எச்சரிக்கை சொல்லியாக வேண்டும். அவர் எழுதியது கிட்டத்தட்ட முப்பது வருஷம் கழித்து. அதற்குள் அந்த நெட்டைக் கிராமத்து இளைஞர் உலகமறிந்த தியாகியாகிவிட்டார். அவரை வேண்டாம் என்றவர் தன் காரணத்தைக் கொஞ்சம் சீர்செய்து வைத்திருக்கலாம். ஆனால் ஓடையும் பன்றியும் பெருமைக்காகச் சேர்த்துக்கொள்ளும் கதைகள் இல்லை. அவற்றில் அவருக்கும் பெருமை இல்லை, லிங்கனுக்கும் இல்லை. அதனாலேயே எனக்கு நம்பத் தோன்றுகிறது.

மேரி 1838-இல் கென்டக்கிக்குத் திரும்பிப் போய்விட்டார். சுமார் ஒரு வருஷம் கழித்து அக்கா எலிசபெத் ஊருக்குப் போகும்போது, லிங்கன் ஸ்பிரிங்ஃபீல்டில் அவரிடம் ஒரு செய்தி சொல்லி அனுப்பினார். உங்கள் தங்கை பெரிய முட்டாள், இங்கேயே இருந்து என்னைக் கட்டிக்கொள்ளாமல் போய்விட்டாள் என்று சொல்லுங்கள். வருத்தமா, கிண்டலா, இன்னொரு தடவை கேட்டுப் பார்க்கிறாரா? மேரி அதை ஹெர்ன்டனுக்கு எழுதிவிட்டு, இது அந்த மனிதருக்கே உரிய பேச்சு என்று மட்டும் சொல்லி நிறுத்திக்கொண்டார்.